உருகாத வெண்ணெய்

மே மாதத் திருவண்ணாமலையில் வெண்ணெயை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினால், நெய்யாகும் வழியில் பாதி தூரம் போயிருக்கும். இந்த ஊரில் ஸ்கோன் சுடுகிறவர் விடியற்காலையில்தான் மாவில் கை வைக்க வேண்டும்.

கால் கிலோ மைதா, இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு. எழுபது கிராம் வெண்ணெயை ஃப்ரீசரில் இறுகவிட்டு, தேங்காய்போல் துருவிச் சேர்க்கலாம். விரல் சூடு அதில் ஏறாது. குளிர்ந்த பால் அரை டம்ளருக்குச் சற்றுக் கூடுதலாக விட்டு, மாவு ஒட்டிக்கொண்டதும் நிறுத்திவிட வேண்டும். பரோட்டா மாவை அடித்துப் பிசைந்து பழகிய கைக்கு இதுதான் கஷ்டம். தட்டி, மடித்து, மறுபடி தட்டினால் வெண்ணெய்த் துணுக்குகள் ஏடு ஏடாகப் படியும். அடுப்பில் அவை உருகி, ஈரம் ஆவியாகி, ஏடுகளை விலக்கும். முன்பே உருகிய வெண்ணெய் மாவில் ஊறிவிடும். தட்டில் எண்ணெய் கசிந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

ஒரு அங்குலக் கனத்தில் வெட்ட, எவர்சில்வர் டம்ளரை எடுக்காதீர்கள். மழுங்கிய விளிம்பு ஓரத்தை நசுக்கும். திருகினால் ஏடுகள் ஒட்டிக்கொண்டு ஸ்கோன் ஒருபக்கம் சாயும். மாவு தொட்ட கூர்க்கத்தியால் நேராக ஒரே அழுத்து, சதுரமாக. 220 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம். வட்டமாக இல்லையே என்று எனக்கு இதுவரை வருத்தம் வந்ததில்லை.