கோபத்தைக் கோரிக்கையாக்கும் கை

"ராத்திரி ஷிப்ட்ல ஆளு மயங்கி விழுறான், ஏசி ரூம்ல உக்காந்திருக்கிற உங்களுக்கு என்ன தெரியும்?" நூற்பாலைச் சங்கச் செயலாளர் வாட்ஸ்அப்பில் கொட்டிய வரி இது. சங்கத்தின் மூத்த தோழர் ஒருவர் அதை நிர்வாகத்துக்கான கடிதமாக்கும் பொறுமை அழகானது. ஏசி ரூம் போகிறது, மயக்கம் தங்குகிறது, தேதியோடும் இடத்தோடும்: "12ஆம் தேதி இரவு ஷிப்டில், ஸ்பின்னிங் பிரிவில் ஒருவர் மயங்கினார். அப்போது காற்றோட்டக் கருவி ஓடவில்லை." 'ஓவர்டைம் காசைத் திருடுறீங்க' என்பது, சட்டப்படியான இரட்டை ஊதியம் எந்த மாதங்களில் வரவில்லை என்ற கேள்வியாகிறது.

"பணிவுடன் வேண்டுகிறோம்" என்று குழைந்தால் அது மனுவாகிவிடும். அதனால் முடிவு நிமிர்ந்து நிற்கிறது: "வியாழன் மாலை 4 மணிக்குப் பேச்சுவார்த்தைக்கு அழைக்க வேண்டும். எங்கள் தரப்பில் மூவர் வருவோம்."

அனுப்புமுன் செயலாளருக்கு வாசித்துக் காட்டுகிறார். தன் கோபம் உள்ளே இருக்கிறதா என்று அவர்தானே சொல்ல முடியும்!