கட்டுவிரியனும் அதன் சாயலும்

கற்பிட்டியிலிருந்து நுரைச்சோலை, முந்தல், உடப்பு வழியாகச் சிலாபம் வரை நீண்டு கிடக்கும் மணற்பாங்கான கரையோரத்தில், தேகம் கறுத்து அதன்மேல் வெள்ளைக் கோடுகள் ஓடினால் அது விஷ ஜந்து, கோடில்லாவிட்டால் பயமில்லை என்று நிறத்தைக் கொண்டே பாம்பின் சுபாவத்தைத் தீர்மானிக்கும் வழக்கம் இருக்கிறது. இந்த வழக்கம் இரண்டு வகையில் கேடு விளைவிக்கிறது. கிடுகு வேலியிலும் வீட்டுக் கூரையிலும் பல்லி தேடி அலையும் ஓநாய்ப் பாம்பு, மனிதனைக் கொல்லும் விஷம் ஏதும் இல்லாததாயிருந்தும், கோட்டின் காரணமாகவே அடிபட்டுச் சாகிறது; கோடுகள் மங்கித் தேய்ந்துபோன முதிர்ந்த கட்டுவிரியனோ, அதே காரணத்தினாலேயே சந்தேகத்துக்கு ஆளாகாமல் பாயின் ஓரம் வரை வந்துவிடுகிறது. இவற்றுள் பின்னதே பெரிய அபாயம். ஆகையால் நிறத்தை விடுத்து, தேகத்தின் அமைப்பையும் நடத்தையையும் கொண்டு பாம்பை இனங்காணும் முறையை இந்த இரண்டு பாம்புகளின்மேல் வைத்துப் பரீட்சித்தால், அந்த முறையின் பலமும் பலவீனமும் ஒருங்கே விளங்கும்.

சிங்கள அயலவர் தெல் கரவலா என்றும், நம்மவருட் பலர் எட்டடி விரியன் என்றும் வழங்கும் கட்டுவிரியன், வளர்ந்த நிலையில் ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமிருக்கும். சில அதனினும் மிகும். நீலம் கலந்த கறுப்பில் எண்ணெய் பூசினாற்போன்ற மினுக்கு அதற்கு உண்டு. ஓநாய்ப் பாம்பு அதைவிடச் சிறியது. பழுப்பிலிருந்து கருஞ்சாம்பல் வரை அதன் நிறம் மாறும். சற்றுக் கவனித்துப் பார்ப்பவர்கள் சொல்லும் ஒரு வித்தியாசம் உண்மையானதுதான். ஓநாய்ப் பாம்பின் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கிக்கொண்டே போகும். கட்டுவிரியனிலோ முற்பகுதி பெரும்பாலும் வெறுமையாயிருக்க, மெல்லிய கோடுகள் இரண்டிரண்டாக இணைந்து வாலை நோக்கித் தெளிவு பெறும். ஆனால் இதுவும் நிறத்தைப் பற்றிய விதியே என்பதை மறக்கலாகாது. கட்டுவிரியனின் குட்டிகளில் கோடுகளோ புள்ளிகளோ முன்பகுதி வரை ஏறி நிற்பதுண்டு. ஓநாய்ப் பாம்புகளில் பட்டை அறவே மங்கியவையும் உண்டு. குட்டிக் கட்டுவிரியனும் வளர்ந்த ஓநாய்ப் பாம்பும் நீளத்தில் ஒத்துப்போகும் அந்த ஒரு கட்டத்தில், விதி எங்கே மிகவும் தேவைப்படுகிறதோ அங்கேயே அது கைவிட்டுவிடுகிறது.

இதற்கு மாறாக, செதில்களைக் கொண்டு அறியும் முறை வயதினாலும் சேற்றினாலும் வெளிச்சக் குறைவினாலும் மாறுவதில்லை. இந்திய இராணுவத்தில் மருத்துவராயிருந்து, இலங்கைச் சர்ப்பங்களைப் பற்றிய பெருநூலை 1921 இல் வெளியிட்ட ஃபிராங்க் வால் போன்றோர், விஷப்பாம்பை நிறத்தால் அல்லாமல் செதிலின் வரிசையால் பிரித்தறியும் ஒழுங்கை நெடுங்காலத்துக்கு முன்பே வகுத்துவிட்டார்கள். அதன்படி கட்டுவிரியனின் முதுகெலும்பு செல்லும் வழியிலே, ஓட்டுக் கூரையின் முகட்டில் அடுக்கிய பெரிய ஓடுகளைப் போல, மற்றச் செதில்களைக் காட்டிலும் பெரிதான அறுகோணச் செதில்கள் ஒரே வரிசையாய்த் தலையிலிருந்து வால் வரை ஓடுகின்றன. ஓநாய்ப் பாம்பின் முதுகில் அப்படியொரு தனி வரிசை கிடையாது. நடுச் செதிலும் பக்கத்துச் செதிலும் ஏறக்குறைய ஒரே அளவினவே. வாலின் அடிப்பக்கத்தைப் புரட்டினால் கட்டுவிரியனில் தகடுகள் பிளவுபடாமல் ஒற்றை வரிசையாகவும், ஓநாய்ப் பாம்பில் இரண்டாகப் பிளந்து இணை வரிசையாகவும் காணப்படும். மூக்குத் துவாரத்தை அடுத்த தகட்டுக்கும் கண்ணுக்கு முன்னுள்ள தகட்டுக்கும் இடையே ஓநாய்ப் பாம்புக்கு ஒரு சிறு செதில் உண்டு. கட்டுவிரியனுக்கு அது இல்லை. இம்மூன்றும் ஒத்துவந்தால் சந்தேகத்துக்கு இடமே இராது.

நீரிலே இந்த முறை இன்னும் எளிதாய்ப் பயன்படுகிறது. புத்தளம் களப்பில் வலையை இழுக்கும்போது மீனோடு பாம்பும் வருவது புதிதன்று. வந்தது கடற்பாம்பா, அன்றிக் கண்டல் ஓரத்துச் சேற்றில் வாழும் நாய்முகத் தண்ணீர்ப் பாம்பா என்பதே கேள்வி. நிறம் இங்கே எதையும் சொல்லாது. இரண்டிலும் சாம்பலும் பட்டையும் உண்டு. வாலைப் பார்த்தால் போதும். கடற்பாம்பின் வால் துடுப்பைப்போல் இருபுறமும் அழுத்தித் தட்டையாகியிருக்கும். தண்ணீர்ப் பாம்பின் வால் உருண்டு கூர்ந்து முடியும். எட்ட நின்றே, வலையைத் தொடாமலே, சில விநாடிகளில் காணத்தக்க லட்சணம் இது. கடற்பாம்பின் கடி ஆரம்பத்தில் நோவே தராமல், சில மணி நேரத்துக்குப் பின் தசைகளெல்லாம் வலித்து, சிறுநீர் கருஞ்சிவப்பாய் மாறும் அளவுக்குக் கொடியதாகக்கூடும் என்பதையும், இலங்கையில் வழக்கமாகக் கிடைக்கும் இந்திய விஷமுறிவு மருந்து கடற்பாம்பின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்பட்டதன்று என்பதையும் நினைத்தால், அந்த ஒரு பார்வையின் மதிப்பு விளங்கும்.

ஆயினும் எல்லா லட்சணங்களும் வாலைப்போல் நேர்மையானவை அல்ல. முக்கோணத் தலை விஷத்தின் அடையாளம் என்பது நிறத்தைப் பற்றிய நம்பிக்கையைப் போலவே வெறும் பேச்சு. விரியன்களைப் பொறுத்தவரை அது ஒத்துவரும். நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் ஒத்துவராது. கழுத்தினின்று அதிகம் அகலாத தலையை உடைய கட்டுவிரியன் அந்த விதியின்படி சாதுவாகிவிடும். சினந்தால் தலையைத் தட்டையாக்கி அகட்டும் நீர்ப்பாம்பு கொடியதாகிவிடும். தலையின்மேல் சிறு செதில்களே இருந்தால் விரியன் என்னும் விதி அதைவிட நுட்பமானது. எனினும் வடமேற்கின் வறண்ட மணலில் புதைந்து வாழும், விஷமேயில்லாத மண்ணுளிப் பாம்பின் தலையிலும் சிறு செதில்களே உள்ளன. தடித்த குட்டை உடலும் கருந்திட்டுகளும் சேர்ந்து அதைக் கண்ணாடி விரியனாகவே காட்டிவிடும். வயிற்றுத் தகடுகள் விரியனைப்போல் அடிப்பக்கம் முழுவதும் பரவாமல் ஒடுங்கி நிற்பதைக் கண்டாலன்றி இந்த மயக்கம் தெளியாது. செதில் முறை ஓர் ஒழுங்கின்படி, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுச் செல்ல வேண்டிய கேள்விகளின் தொடர். அவற்றுள் ஒன்றை மட்டும் பிடுங்கி ஊருக்குச் சூத்திரமாகக் கொடுப்பவர், பழைய மூடநம்பிக்கையின் இடத்தில் புதியதொன்றை வைப்பவரே ஆவார்.

இதனினும் பெரிய குறை, மேற்சொன்ன செதில்களை எண்ணிப் பார்க்கப் பாம்பு செத்திருக்க வேண்டும், அல்லது கையில் இருக்க வேண்டும் என்பதே. இராவேளையில், டார்ச் விளக்கின் வட்டத்தில் ஓடி மறையும் பாம்பின் வாலடித் தகட்டை யார் காண்பது? இந்த இடைவெளியை நிரப்பவே நடத்தையை வைத்து அறியும் வழி பிறந்தது. ஓநாய்ப் பாம்பு ஏறுவதில் சமர்த்து. கரடுமுரடான சுவரிலும் வளையிலும் கூரையிலும் பல்லியைத் துரத்திக்கொண்டு போகும். கட்டுவிரியன் பெரும்பாலும் தரையை விட்டு எழுவதில்லை. பகலில் எலி வளையிலோ, மட்டைக் குவியலிலோ, செங்கல் அடுக்கிலோ சோம்பிக் கிடந்து, இரவில் மற்றப் பாம்புகளையும் எலிகளையும் தேடித் தரையோடு ஊர்ந்து திரியும். ஆகவே சுவரில் ஏறிக்கொண்டிருக்கும் கோடிட்ட சிறு பாம்பு ஓநாய்ப் பாம்பாயிருப்பதற்கே நியாயம் அதிகம். ஆனால் இதன் மறுதலை செல்லாது. ஓநாய்ப் பாம்பும் தரைக்கு வரும். கூரையிலிருந்து தவறி விழவும் செய்யும். தரையில் கண்டதனால் கட்டுவிரியன் என்று சொல்லவும் முடியாது, அல்லவென்று சொல்லவும் முடியாது. தலையைச் சுருளுக்குள் ஒளிப்பது கட்டுவிரியனின் குணம் என்று சொல்லுவதுண்டு; தொந்தரவு கண்ட ஓநாய்ப் பாம்பும் பந்துபோல் சுருண்டு அதையே செய்யும். நடத்தை ஊகத்தைத் தரும், நிச்சயத்தைத் தராது.

ஊகத்தை நிச்சயமாகக் கொண்டால் நேருவது என்ன என்பதற்கு, இந்தத் துறையின் மிகத் துயரமான சான்று 2001 இல் வட பர்மாவின் காட்டிலே நிகழ்ந்தது. கலிபோர்னியா விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் ஸ்லோவின்ஸ்கி விஷப்பாம்புகளையே ஆய்ந்த நிபுணர். செப்டம்பர் 11 ஆம் திகதி காலையில், உதவியாளர் ஒருவர் பிடித்துவந்த சிறிய பட்டைப் பாம்பு பைக்குள் இருந்தது. அது ஓநாய்ப் பாம்போடு நெருங்கிய உறவுடைய, விஷமற்ற ஓர் இனம் என்ற எண்ணத்தில் அவர் பைக்குள் கையை விட்டார். கடித்தது கட்டுவிரியன் குலத்துக் குட்டி. நஞ்சு மெல்ல மெல்லத் தசைகளைச் செயலிழக்கச் செய்ய, மூச்சு நின்றபின் தோழர்கள் வாயோடு வாய் வைத்துப் பல மணி நேரம் சுவாசம் ஊட்டினார்கள். எட்டாத காட்டுக்கு உதவி வந்து சேராமல், மறுநாள் அவர் இறந்தார். செதில் வரிசையை அவர் அறியாதவர் அல்லர். கை உள்ளே போகுமுன் கண் முதுகைப் பார்க்கவில்லை. பட்டையையும் பிறர் சொல்லையும் நம்பிய ஒரு கணமே போதுமாயிருந்தது. இலட்சணம் அறிந்தவருக்கே இது நேர்ந்ததென்றால், கோட்டைக் கொண்டு ஓநாய்ப் பாம்பென்று சொல்லி வாலைப் பிடித்துத் தூக்கும் வாலிபர்களை நினைத்து என் மனம் நடுங்குகிறது.

ஆகவே நான் இந்த முறைக்கு இரண்டு வேலைகளை மட்டும் ஒப்படைப்பேன். ஒன்று, கடிபடுமுன் உதவுவது: கட்டுவிரியன் தரையோடு வருவது என்று தெரிந்தால் பாயை விட்டுக் கட்டிலில் படுப்பதும், கொசுவலையைச் சுற்றிலும் மெத்தைக்குள் செருகுவதும், கடற்கரை வாடிகளில் வலைக் குவியலுக்கும் படுக்கைக்கும் இடையே தூரம் விடுவதும் அர்த்தமுள்ள செயல்களாகின்றன, சுவரேறும் பாம்பைக் கொல்லாமல் விடவும் மனம் இசைகிறது. மற்றொன்று, செத்துக் கிடக்கும் பாம்பை நெடிய கோலால் புரட்டி முதுகு வரிசையையும் வாலடியையும் கண்டு பழகுவது. அறுபட்ட தலையும் சிறிது நேரம் வரை கடிக்க வல்லது என்பதால் கை அதனருகே செல்லலாகாது.

கடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்ற தீர்மானத்தை மட்டும் இந்த முறையிடம் விடலாகாது. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமும் நோவும் பல சமயம் தோன்றுவதில்லை. பல்லின் தடயமும் கண்ணுக்குப் புலப்படாமற் போகலாம். தூங்கியவர் நள்ளிரவுக்குப் பின் வயிற்று வலியோடு விழித்து, விடியும்போது இமை தூக்கமாட்டாமல், நா குழறி, விழுங்கமாட்டாமல் நிற்பதே அதன் போக்கு. நரம்பு தளர்ந்தபின் விஷமுறிவு மருந்து அதை எளிதில் மீட்பதில்லை. செயற்கைச் சுவாச யந்திரமே அப்போது உயிரைக் காக்கிறது. அதனாற்றான் வைத்தியர்கள் கொண்டுவரப்பட்ட பாம்பைப் பார்த்தாலும், சிகிச்சையை நோயாளியின் இமையையும் மூச்சையும் இரத்தம் உறைகிற வேகத்தையும் பார்த்தே நடத்துகிறார்கள். பாயருகே கண்ட பாம்பு ஓநாய்ப் பாம்புதான் என்று முதுகு வரிசை நிரூபித்தாலும், கடித்தது அதே பாம்புதான் என்பதை எந்தச் செதிலும் நிரூபிப்பதில்லை. ஓநாய்ப் பாம்பைத் தின்னும் பொருட்டு அதன் பின்னாலேயே கட்டுவிரியன் வருவதும் உண்டு. நள்ளிரவில் தரையில் உறங்கியவரைக் கடித்தது எதுவென்று அறியப்படாவிட்டாலும், அது சாதுவென்று அறியப்பட்டாலும், புத்தளத்துக்கோ சிலாபத்துக்கோ உடனே கொண்டுசென்று, மறுநாள் வரையேனும் வைத்தியர் கண்ணெதிரில் இருத்த வேண்டும்.