தெப்பக்குளத்துச் சுற்றும் நான்கு இட்லியும்

நான்கு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், கொஞ்சம் தேங்காய்ச் சட்னி. சாப்பிட உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தேன். சர்க்கரை 182. இரண்டு நாள் கழித்து அதே நான்கு இட்லி, அதே சாம்பார், அதே சட்னி. ஆனால் கை கழுவியதும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து 149! நடுவில் மாத்திரை எதுவும் கிடையாது. ஒன்பதுக்கும் பத்துக்கும் காலமெல்லாம் அறிவியல் நடத்தியவன் நான். ஆய்வகத்தில் பையன்கள் செய்த சோதனை சரியாக வந்தபோதெல்லாம் எனக்கு ஒரு பூரிப்பு வரும். அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது இந்த இட்லிச் சோதனை.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற சில மாதங்களில் எடுத்த பரிசோதனையில் எனக்கு எச்பிஏ1சி 6.3 என்று வந்தது. ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருக்கும். அந்தக் காலத்தில் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டே வரும். அதனால் இந்த ஒரு எண், கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சாப்பாட்டுக் கணக்கைக் காட்டிவிடுகிறது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. நான் நடுவில் நின்றேன். “சார், இன்னும் சுகர் வரல. வாசல்ல நிக்குது. தினமும் நடங்க, சாப்பாட்டைக் கொஞ்சம் பாருங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுப்போம்” என்றார் டாக்டர்.

மதுரையில் நடப்பதற்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை மிஞ்சிய இடம் உண்டா? திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளத்தை ஒரு தடவை சுற்றினால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். விடியலில் அங்கே நடக்கிறவர்கள் கூட்டமே வேறு உலகம். முதலில் ஒரு சுற்று, பிறகு இரண்டு, மழைக்காலம் முடிவதற்குள் மூன்று. வேகத்துக்கு எனக்கு ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் அண்ணன்தான் அளவுகோல். அவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது. அந்த வேகத்தில் நிமிடத்துக்கு நூறு அடிக்குக் குறையாமல் விழும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணியே பார்த்திருக்கிறேன், அப்படியே இருந்தது.

நடை முடிந்ததும் எல்லாரும் போய் நிற்கும் இடம் ஒரு டீக்கடை. நடத்துகிறவன் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தவன். “சார், வடை சூடா இருக்கு சார்” என்று தட்டை நீட்டுவான், எடுத்துக்கொள்வேன். பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் எடைக்கு அரை மணி நேர நடையில் செலவாவது சுமார் 130 கலோரி. எண்ணெயில் பொரித்த ஒரு உளுந்து வடையே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். சர்க்கரை போட்ட பால் டீ தனி. நடந்தால் மட்டும் ஏன் எடை குறைவதில்லை என்று குளக்கரையில் பலரும் கேட்கும் கேள்விக்குப் பதில் அந்தத் தட்டிலேயே இருந்தது. முதலில் போனது டீயில் சர்க்கரை. அடுத்த மாதம் வடை வாரத்தில் ஒருநாள் என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை வடையின் ருசியை இப்போது சொல்லி மாளாது!

குளுக்கோமீட்டர் வாங்கிய பிறகுதான் எனக்கு நிஜமான பைத்தியம் பிடித்தது. ஐம்பது கிராம் கூட இல்லாத ஒரு கருவி, ஒரு சொட்டு ரத்தம், சில நொடிகள். எவ்வளவு அருமையான பொருள்! ஆனால் அதைக் கையாளும் முறை ஒன்று உண்டு. குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். வாழைப்பழம் உரித்த விரலில் அப்படியே ரத்தம் எடுத்தால், தோலில் ஒட்டிய பழச் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டி நம்மைப் பயமுறுத்தும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. இன்னொன்று, நல்ல கருவியும் ஆய்வகத்து அளவுக்கு நூற்றுக்குப் பதினைந்து வரை மேலோ கீழோ போகலாம். 150, 158 என்று இரண்டு எண் வந்தால் அதில் வித்தியாசமே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் இட்லிச் சோதனையை ஒரே தடவையோடு விடவில்லை. நடந்தும் நடக்காமலும் மாற்றி மாற்றிச் செய்தேன். நடந்த நாளெல்லாம் எண் கீழேயே நின்றது.

காரணம் தசை. உட்கார்ந்திருக்கும்போது ரத்தத்துச் சர்க்கரையைத் தசை உள்ளே இழுக்க இன்சுலின் வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த இன்சுலின் சொல்வதைத் தசை சரியாகக் கேட்பதில்லை. ஆனால் தொடையும் கெண்டைக்காலும் சுருங்கி விரியும்போது, இன்சுலின் கூப்பிடாமலேயே தசைச் செல்கள் சர்க்கரையை உள்ளே விடும் வழியைத் திறந்துவிடுகின்றன. சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் அதே நேரத்தில் கால்கள் வேலை செய்தால் அது அங்கேயே எரிந்துபோகிறது. காலை ஐந்தரை மணி நடை உடம்புக்கும் இதயத்துக்கும் நல்லதுதான், இட்லி சாப்பிடுவதோ எட்டு மணிக்கு. ஆகவே குளத்து நடையை விடாமல், மூன்று வேளையும் சாப்பிட்டதும் சின்னச் சின்ன நடையைச் சேர்த்துக்கொண்டேன். ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்துத் தெருமுனைக் கோயில் வரை போய் வருவது எனக்கு இப்போது உயிர்.

அடுத்து சோறு. மதுரைக்காரனுக்குச் சோற்றைக் குறை என்றால் கோபம் வரும். என் வீட்டில் அதைக் குறைத்தது என் மனைவியின் மூளை. “ஏங்க, கரண்டிக் கணக்கு வேணாம். அரிசியா இருக்கும்போதே அளந்து போட்டுர்றேன்” என்றாள். மதியத்துக்கு முன்பு எனக்கு மட்டும் 150 கிராம் அரிசி போகும். அதை 120 ஆக்கி ஒரு மாதம், 100 ஆக்கி ஒரு மாதம், பிறகு 75-இல் நிறுத்தினாள். 75 கிராம் அரிசி வெந்தால் இருநூறு கிராமுக்கு மேல் சோறாகிவிடும். தட்டில் பார்த்தால் ஏமாற்றமாகவே தெரியாது. குறைந்த இடத்தில் பொரியலும் கூட்டும் வந்து உட்கார்ந்தன. வயிறு ஒரு நாளும் முறையிடவில்லை, ஏனென்றால் ஒரே நாளில் யாரும் அதைப் பட்டினி போடவில்லை.

சாப்பிடும் வரிசையையும் மாற்றினாள். முதலில் ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது பாசிப்பயறு, கூடவே அவரைக்காயோ புடலங்காயோ பொரியல். அதை நிதானமாக மென்று முடித்த பிறகுதான் சோறும் குழம்பும். நாரும் புரதமும் முதலில் உள்ளே போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாக இறங்குகிறது. அதே உணவை, அதே அளவில், வரிசையை மட்டும் மாற்றிச் சாப்பிட்ட நாட்களில் எனக்கு இருபது இருபத்தைந்து வரை குறைந்தது. செலவில்லாத ஒரு மாற்றம் இவ்வளவு செய்கிறதே என்று குளக்கரையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன்.

சிறுதானியம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளக்கரையில் எல்லாருக்கும் அதன் மேல்தான் கண். கேழ்வரகு எனக்கு மிகவும் பிடிக்கும். சுண்ணாம்புச் சத்தில் அரிசி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் மாவுச்சத்தின் அளவில் இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை. நைசாக அரைத்த மாவில் கூழாகக் காய்ச்சிக் குடித்தபோது என் கருவி இட்லியைவிட அதிகமாகக் காட்டியது. நன்றாக வெந்து குழைந்த மாவு வயிற்றில் நிற்காமல் ஓடிவிடுகிறது. அதே கேழ்வரகைக் கொஞ்சம் கொரகொரப்பாகத் திரித்து, முருங்கைக்கீரையும் வெங்காயமும் நிறையப் போட்டு அடையாகத் தட்டி, ஒரு முட்டையோடு சாப்பிட்டால் அடக்கமாக நிற்கிறது. இரண்டு அடைக்கு மேல் நான் போவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். போஸ்ட்மாஸ்டர் அண்ணன் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். என்னைப் பார்த்து அவரும் ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கிவிட்டார், மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் இரண்டாவது சுற்றில் அவர் பேச்சு குழறியது. நெற்றியிலும் கழுத்திலும் குளிர்ந்த வியர்வை, விரல்கள் நடுங்கின. மார்கழிக் குளிரில் அப்படி வியர்ப்பது சர்க்கரை சரிந்ததன் அடையாளம். அவர் விழுங்கும் நிலையில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, டீக்கடைப் பையனிடம் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாங்கிக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. “தம்பி, கண்ணே இருட்டிருச்சுய்யா” என்றார். அன்றைக்கே அவருடைய டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். இன்சுலினோ கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுக்கிறவர்கள் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். இப்போது அண்ணன் சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம், எழுந்ததும் ஒரு வாழைப்பழம், பிறகு நடை. வேகத்தில் என்னை முந்துகிறார்.

மூன்று மாதத்தில் என் எச்பிஏ1சி 6.0. வருடம் முடிந்தபோது 5.6. எடை ஐந்து கிலோ இறங்கி, பழைய பேன்ட்டுகள் எல்லாம் தையல்காரரிடம் போய் வந்தன. டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு என் கையைக் குலுக்கினார்.

போன மாதம் அண்ணன் மகள் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தேன். வாழையிலையில் முதலில் விழுவது பொரியல், கூட்டு, அவியல்தானே! சோறு வந்து சேர்வதற்குள் அவற்றை முடித்துவிட்டு, பரிமாறுகிற பையனிடம் “தம்பி, அவியல் இன்னொரு கரண்டி” என்று கேட்டு வாங்கினேன். சோறு ஒரே தடவை, சாம்பாருக்குக் கொஞ்சம், ரசத்துக்குக் கொஞ்சம். அடைப் பிரதமனை விட மனசு வருமா? ஒரு சின்னக் கிண்ணம், முழுசாக ரசித்துக் குடித்தேன். அப்புறம் மண்டபத்தின் காம்பவுண்டை அண்ணனோடு இருபது நிமிடம் சுற்றி வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் 158. கல்யாணச் சாப்பாட்டுக்கு 158! போனை எடுத்து அந்த எண்ணை அண்ணனுக்குச் சொன்னேன். அவர் 146 என்றார்.