கடைசித் தவணையிலிருந்து எண்ணுதல்

வாடகைக் கொள்முதலில் இறுதித் தவணை செலுத்தப்படும் வரை சட்டப்படியான உரிமை விற்பவரிடமே இருந்தாலும், பொருளைப் பயன்படுத்திப் பலன் பெறுபவர் வாங்குபவர் என்பதால், அவர் தம் ஏடுகளில் அதை ரொக்க விலைக்கு, அதாவது உடனே முழுப்பணம் கொடுத்தால் ஆகும் விலைக்கு, சொத்தாகப் பதிகிறார். அந்த விலை தெரியாதபோது கணக்கு கடைசித் தவணையிலிருந்து பின்னோக்கி நடக்கிறது. இக்கணக்கியலின் அழகே இதுதான்.

ஓர் அச்சு இயந்திரத்துக்கு முன்பணம் ரூ.16,900, ஆண்டு முடிவில் ரூ.13,310 வீதம் 3 தவணைகள், வட்டி 10% எனக் கொள்வோம். கடைசித் தவணையில் 110-க்கு 10 பங்கு வட்டியாதலால், அதில் வட்டி 1,210, அசல் 12,100. அந்த அசலோடு இரண்டாம் தவணையைக் கூட்டினால் வரும் 25,410-இல் அதே பங்கு 2,310. எஞ்சும் 23,100-உடன் முதல் தவணையைச் சேர்த்தால் 36,410, அதில் வட்டி 3,310. மிஞ்சும் 33,100-உடன் முன்பணத்தைக் கூட்ட, ரொக்க விலை ரூ.50,000 ஆகிறது.

மொத்த வட்டி 6,830-ஐ மூன்றாகச் சமமாகப் பங்கிடுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. நிலுவை குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும் என்பதை அது மறந்துவிடுகிறது. ஒவ்வோர் ஆண்டின் வட்டியும் அவ்வாண்டின் இலாப நட்டக் கணக்குக்குச் செல்கிறது. தேய்மானமோ கொடுத்துத் தீர்த்த தொகைக்கோ தவணைகளின் கூட்டுக்கோ அன்றி, முதல் ஆண்டு தொட்டே 50,000-த்தின் அடிப்படையில்தான் கணக்கிடப்படுகிறது.