சொன்ன நாளில் சொல்வது

ஆட்குறைப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் நிர்வாகங்கள் இரண்டு வழிகளில் ஒன்றை எடுக்கின்றன. எல்லாம் முடிவாகும்வரை வாய் திறக்காமல் இருப்பது ஒன்று. குறித்த நாளில் தவறாமல், தெரிந்ததையும் தெரியாததையும் ஊழியர்களிடம் சொல்வது மற்றொன்று. இரண்டாவது வழி நேர்மையானது என்பதில் ஐயமில்லை. அது பலன் தருமா என்பதே கேள்வி.

இதற்கு நல்ல சான்று 1991இல் ஷ்வைகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கள ஆய்வு. இரு நிறுவனங்கள் இணையவிருந்தன. அவற்றுள் ஒன்றின் இரண்டு ஆலைகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். இணைப்பு பற்றித் தலைமை நிர்வாகி எழுதிய கடிதம் இரு ஆலைகளுக்கும் போனது. ஓர் ஆலையில் அதோடு சரி. மற்றொன்றில் சீரான இடைவெளியில் செய்திமடல் வந்தது, கேள்வி கேட்கத் தனித் தொலைபேசி இணைப்பு இருந்தது, வாரந்தோறும் கூட்டம் நடந்தது. யார் வேலை போகும், இடமாற்றம் உண்டா, சம்பளமும் சலுகைகளும் என்னாகும் என்பவையே அங்கே பேசப்பட்டன.

அறிவிப்பு வந்தவுடன் இரு ஆலைகளிலும் மன அழுத்தம் ஏறியது, நிறுவனத்தின் மீதிருந்த நம்பிக்கை இறங்கியது. வேறுபாடு அதற்குப் பிறகுதான். கடிதத்தோடு நின்ற ஆலையில் நிலைமை மேலும் மோசமாகிக்கொண்டே போனது. தொடர்ந்து தகவல் தந்த ஆலையில் சரிவு நின்றது. நிர்வாகத்தின் மீதிருந்த நம்பிக்கை நாளடைவில் மீளவும் தொடங்கியது.

இதை அளவுக்கு மீறிப் புகழக் கூடாது. ஒப்பிட்டவை இரண்டே ஆலைகள். அளந்தவை அழுத்தம், நிச்சயமின்மை, நம்பிக்கை போன்றவை. வதந்திகளை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பயம் முற்றாகத் தீர்ந்துவிடவும் இல்லை. சீரான தகவல் பயம் பெருகுவதைத் தடுக்கும், நம்பிக்கையைக் காக்கும் என்ற அளவுக்கே இந்தச் சான்று இடம் தருகிறது. வதந்திக்கு இதில் என்ன தொடர்பு? விஷயம் முக்கியமாகவும் விவரம் தெளிவில்லாமலும் இருக்கும்போதுதான் வதந்தி தழைக்கிறது என்று ஆல்போர்ட்டும் போஸ்ட்மனும் 1947இலேயே சொன்னார்கள். வேலை போகுமா என்பதன் முக்கியத்துவத்தை எந்த நிர்வாகத்தாலும் குறைக்க முடியாது. தெளிவின்மையைக் குறைப்பது மட்டுமே அதன் கையில் இருக்கிறது.

அதையும் எவ்வளவு குறைக்க முடியும்? 2023 மார்ச் 14 அன்று மெட்டா நிறுவனத்தின் மார்க் சக்கர்பெர்க் மேலும் சுமார் 10,000 வேலைகள் குறைக்கப்படும் என்று ஊழியர்களுக்கு எழுதினார். ஆளெடுப்புப் பிரிவுக்கு மறுநாள், தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு ஏப்ரல் இறுதி, வணிகப் பிரிவுகளுக்கு மே இறுதி என்று காலத்தையும் குறிப்பிட்டார். ‘எப்போது’ என்ற ஊகத்துக்கு இதில் விடை இருந்தது. ‘யார்’ என்ற ஊகத்துக்கு இல்லை. வணிகப் பிரிவினர் இரண்டு மாதத்துக்கு மேல் அந்தக் கேள்வியோடு வேலைக்கு வந்தார்கள். நாளைச் சொல்லிவிட்டு இடைக்காலத்தில் பேசாமல் இருந்தால், காத்திருப்பே தண்டனையாகிவிடும் என்ற எதிர்வாதம் நியாயமானது.

ஆகவே இடைக்காலத்தில் என்ன சொல்வது என்பதில்தான் இந்த முறை நிற்கும் அல்லது விழும். சொல்ல எதுவும் இல்லாத வாரமே சோதனை. அந்த வாரத்து மடல் இப்படி இருக்கலாம்: “எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்பது இன்னும் முடிவாகவில்லை. 20ஆம் தேதி இயக்குநர் குழு கூடுகிறது, அதற்கு முன் முடிவாகாது. இழப்பீட்டுக் கணக்கு முறை முடிவாகிவிட்டது, கீழே இருக்கிறது. சென்னை அலுவலகம் மூடப்படுவதாக வந்த பேச்சு உண்மையல்ல. அடுத்த மடல் வரும் செவ்வாய், மாலை 4 மணி.” சட்டக் காரணத்தால் ஒன்றைச் சொல்ல முடியாவிட்டால், சொல்ல முடியாது என்றே எழுத வேண்டும், ‘முடிவாகவில்லை’ என்று எழுதக் கூடாது. அந்த ஒரு பொய் வெளிப்பட்டால் அதுவரை வந்த அத்தனை மடல்களும் பொய்யாகத் தோன்றும். மடல் போவதற்கு முன்பே குழுத் தலைவர்களுக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஊழியர் முதலில் போய்க் கேட்பது அவர்களிடம்தான்.

முறை வேலை செய்கிறதா என்று அறிய, வரும் கேள்விகளைக் கவனித்தால் போதும். பதில் சொன்ன கேள்வியே வாராவாரம் திரும்பி வந்தால் பதிலை யாரும் நம்பவில்லை என்று பொருள். கேள்விகளே நின்றுபோனால் அதை அமைதி என்று எண்ணிவிடக் கூடாது. பேச்சு வேறு இடத்துக்குப் போயிருக்கலாம்.

என் முடிவு இது: சீரான தகவல் முறை மௌனத்தைவிடத் தெளிவாக மேலானது, ஆனால் அது வதந்தியை ஒழிக்காது. சொன்ன நாளில் வராத ஒரு மடல் வதந்திக்குப் புதிய காரணம் தரும். கடைசி ஆள் வரை முடிவு சொல்லி முடிக்கும்வரை நாள் தவறாமல் எழுத முடியாத நிர்வாகம் இதைத் தொடங்கக் கூடாது.