பாயிரமும் ஒரு பக்க வாசிப்பும்

நூல் வெளியீட்டு விழாவின் அழைப்பிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். வரவேற்புரை, தலைமையுரை, நூலை வெளியிடுபவர், முதல் படியைப் பெற்றுக்கொள்பவர், வாழ்த்துரை வழங்குபவர்கள் என்று பெயர்கள் இறங்கிக்கொண்டே போகும். கடைசிக்கு முந்தைய வரியில், நன்றியுரைக்குச் சற்று மேலே, நூலாசிரியரின் ஏற்புரை இருக்கும். நூலிலிருந்து ஒரு பக்கத்தை யார் வாசிப்பார் என்று பெரும்பாலும் எந்த வரியும் சொல்லாது. எழுதியவர் பெண் என்றால் இன்னொன்றும் நடக்கும். அறிமுகம் செய்பவர் அவருடைய துணிச்சலைப் பாராட்டுவார், குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு எழுதியதை வியப்பார், கணவருக்கு நன்றி சொல்வார். நேரம் முடிந்துவிடும். நூல் மேசை மேலேயே இருக்கும்.

நம்முடைய மரபில் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. ஒரு நூலைப் பிறர் அறிமுகம் செய்யும் சிறப்புப்பாயிரம் எவற்றைச் சொல்ல வேண்டும் என்று நன்னூல் வரையறுக்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று எட்டு. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. பதினொன்றில் ஆசிரியருக்கு உரியது ஒன்றே ஒன்று. பெண்களின் நூல்களுக்கு நம் மேடைகள் தரும் அறிமுகம் பெரும்பாலும் அந்த ஒன்றிலேயே நின்றுவிடுகிறது. மற்ற பத்தும் வாசித்தவர் மட்டுமே சொல்லக்கூடியவை.

தூத்துக்குடியில் வைத்து இதைச் செய்து பார்க்கலாம். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவல் 1979இல் வந்தது. அது இந்த ஊரின் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. அது இன்று இங்கே ஓர் அரங்கில் வெளியிடப்படுகிறது, ஆசிரியர் மேடையில் இருக்கிறார், அறிமுகத்துக்கும் வாசிப்புக்கும் சேர்த்து எனக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆக்கியோன் பெயருக்கு ஒரு நிமிடம் போதும். முசிறியில் பிறந்தவர், பதினைந்து வயதில் மணம் முடிக்கப்பட்டவர், ‘வேருக்கு நீர்’ நாவலுக்காக 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். இவற்றுள் முசிறியை மட்டும் நான் அழுத்திச் சொல்வேன். ஏனென்றால் இவர் இந்தக் கரையின் பெண் அல்லர். அடுத்து வரும் ‘வழி’ என்பது அங்கேதான் தொடங்குகிறது. வெளியிலிருந்து வந்து, அளங்களுக்குச் சென்று, தொழிலாளர்களிடம் பேசிக் கேட்டு எழுதியவர். இதே கரையின் மீனவர் வாழ்வை ‘அலைவாய்க் கரையில்’ நாவலில் எழுதியதும் அப்படித்தான். ஆகவே அவர் எதைப் பார்த்தார், எது அவர் காதில் விழாமல் போனது என்று கேட்கும் உரிமை இந்த அரங்குக்கு உண்டு. அந்தக் கேள்விக்கு இடம் திறந்து வைப்பது அறிமுகம் செய்பவளின் வேலை.

நுதலிய பொருளைச் சொல்லக் கதைச் சுருக்கம் தேவையில்லை. பொன்னாச்சி என்ற இளம்பெண் அளத்து வேலைக்கு வருகிறாள். வெயிலும் உப்பும் காலை அரிக்கும் அந்த வேலையில் கூலி ஒரு ஆணின் கையில் இருக்கிறது, அவளுடைய மானமும் அதே கையில் சிக்கியிருக்கிறது. இந்த இரண்டும் ஒரே முடிச்சு என்பதுதான் நாவலின் பொருள். இவ்வளவு சொன்னால் போதும். முடிவைச் சொல்லிவிட்டால் நூலை வாங்கியவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

இனி வாசிப்பு. சத்தமாக, நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்தில் தொண்ணூறு, நூறு சொற்கள்தான் எனக்கு ஓடும். மூன்று நிமிடம் என்றால் ஏறக்குறைய ஒரு பக்கம். அதற்குமேல் போனால் பின்வரிசை கைபேசியை எடுத்துவிடும். முதல் பக்கத்தை எடுப்பது பலருடைய வழக்கம். நாவலின் முதல் பக்கத்தில் பெயர்களும் உறவுகளும் அடுக்கடுக்காக வரும். கண் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளும், காதால் முடியாது. ஆகவே இரண்டு பேருக்கு மேல் பேசாத, ஒரே இடத்தில் நிகழும் பகுதி வேண்டும். அதற்கு முன்னால் இரண்டே வாக்கியம்: யார் பேசுகிறார், எங்கே நிற்கிறார்.

எந்தப் பகுதி என்பதில்தான் பெண்ணிய விமர்சனம் தொடங்குகிறது. இத்தகைய நாவலிலிருந்து வாசிக்கச் சொன்னால் பலரின் கை தானாகப் போவது பெண்ணிடம் அத்துமீறும் காட்சிக்கு. அரங்கு அமைதியாகிவிடும், அது வாசிப்பின் வெற்றி என்று தோன்றும். ஆனால் நானூறு, ஐந்நூறு பக்க நாவலாக இருந்தாலும் அதை வாசிக்காதவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது அந்த மூன்று நிமிடத்தைத்தான். பொன்னாச்சி அவர்களுக்கு அச்சுறுத்தப்பட்ட உடலாக மட்டும் நினைவில் நிற்பாள். அதை மறைத்துவிட்டு உழைப்பின் அழகை வாசிப்பதும் பொய். நான் தேடுவது வேலையும் அச்சமும் ஒரே பத்தியில் இருக்கும் இடம். கை உப்பை வாரிக்கொண்டிருக்க, மனம் கங்காணி நிற்கும் தூரத்தை அளந்துகொண்டிருக்கும் இடம். அங்கே பார்ப்பது அவளுடைய கண், பார்க்கப்படுவது அவளுடைய உடல் அல்ல.

ஊர்ச்சொற்களை வாசிக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். அளம், பாத்தி, வரப்பு, அம்பாரம் என்பவை சென்னை அரங்கில் விளக்கம் கேட்கும். தூத்துக்குடியில் விளக்கினால் சிரிப்பார்கள். உரையாடலை ‘அளத்துப் பெண் மாதிரி’ நடித்து வாசிப்பது அதைவிட மோசம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண் தன் பேச்சைக் கேலியாகக் கேட்க நேரும். எழுதியிருக்கும்படி, என் சொந்தக் குரலில், இடைவெளி விட்டு வாசித்தால் பேச்சு தானே எழும். எங்காவது ஒரு சொல் பொய்யாக இருந்தால் அதையும் அரங்கு உடனே கண்டுகொள்ளும். முகம் திரும்பும், ஒரு முணுமுணுப்பு வரும். அதுதான் அந்த நாவலுக்குக் கிடைக்கும் மிக நேர்மையான மதிப்புரை.

பழைய அரங்கேற்றம் இந்தச் சோதனைக்காகவே இருந்தது. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில், குற்றம் நீங்க ஆராயப்பட்டு அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்கிறது. நூல் அங்கே உரக்கச் சொல்லப்பட்டது, கேள்வி கேட்கப்பட்டது. அந்த அவை ஆண்களின் அவை என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் அவையைத் திறப்பதற்குப் பதிலாக நாம் சோதனையைக் கைவிட்டுப் பொன்னாடையை வைத்துக்கொண்டோம்.

பதினொன்றில் ‘கேட்போர்’ என்பதை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். ‘கரிப்பு மணிகளை’க் கேட்க வேண்டியவர்கள் யார்? அளத்து வேலைக்காரப் பெண்கள் விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள். மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும் விழாவில் அவர்கள் இருக்க முடியாது. மழை வந்து அளம் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில், ஒரு ஞாயிறு பிற்பகலில், அவர்கள் தெருவிலேயே வைத்தால் வரலாம். அன்று வாழ்த்துரைகள் எதுவும் வேண்டாம். பத்து நிமிட அறிமுகமும் வாசிப்பும் முடிந்ததும் ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுக்க வேண்டும். ஆசிரியரின் ஏற்புரை அவர்கள் பேசியதற்குப் பதிலாக அமையட்டும்.