பிழையின் அளவும் திசையும்

தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் செய்முறை, பள்ளி இயற்பியல் ஆய்வகங்களில் பழகிப்போன ஒன்று. தமிழ்நாட்டு மேல்நிலை மாணவரின் ரெக்கார்டு நோட்டில் அது பெரும்பாலும் ஒரே வரியில் முடியும்: புவியீர்ப்பு முடுக்கம் இவ்வளவு. அதே ஊசலை ஆட்டும் ஐபி பாடத்திட்ட மாணவர் அங்கே நிறுத்த முடியாது. 2025 முதல் நடப்பிலுள்ள முறைப்படி, அவரது ஆய்வறிக்கைக்கான 24 மதிப்பெண்களில் முடிவுக்கு 6, மதிப்பீட்டுக்கு 6. செய்முறையின் வரம்புகளையும், நடைமுறையில் செய்யக்கூடிய திருத்தங்களையும் அவர் எழுதியாக வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மதிப்பெண் வந்த இடத்தில் மனப்பாடமும் வந்துவிட்டது. "காற்றின் தடை, மனிதப் பிழை, கருவியின் துல்லியக் குறைவு, வெற்றிடத்தில் செய்திருக்கலாம், அளவீடுகளைத் திரும்ப எடுத்திருக்கலாம்." இந்த வரிகளை எந்தச் செய்முறைக்குக் கீழேயும் ஒட்டிவிடலாம். எந்தப் பிழை விடையை எந்தப் பக்கம் இழுத்தது, எவ்வளவு இழுத்தது என்று அவை சொல்வதில்லை.

ஒரு மாணவர் நூலை 99 செ.மீ. என்று அளக்கிறார். குண்டின் ஆரம் 1 செ.மீ.; அதைச் சேர்க்க மறந்துவிடுகிறார். உண்மையில் ஊசலின் நீளம் 1 மீட்டர். சென்னையில் புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.78 மீ/வி² என்பதால், 20 அலைவுகளுக்குச் சுமார் 40.2 வினாடி ஆகும். அவர் கணக்கில் 9.78க்குப் பதில் 9.68 வரும். இதற்கு அவர் எழுதும் காரணம் பெரும்பாலும் காற்றாகத்தான் இருக்கும். ஆனால் பித்தளைக் குண்டின் அலைவு நேரத்தைக் காற்று மாற்றுவது மிகச் சொற்பம். காற்றின் மிதப்பு விசையால் வரும் மாற்றம் நூற்றில் ஒரு பங்கைவிட மிகமிகக் குறைவு. வெற்றிட அறை வாங்கித் தந்தாலும் அவர் விடை 9.68தான்.

ஸ்டாப் வாட்ச்சை அழுத்துவதில் 0.2 வினாடி முன்பின் ஆனால், 40 வினாடியில் அது 0.5 விழுக்காடு. சூத்திரத்தில் அலைவு நேரம் இருமடியாக வருவதால் விடையில் 1 விழுக்காடு, அதாவது 0.1 மீ/வி² அளவுக்குப் பிசகலாம். மறந்த ஆரத்தின் விளைவும் ஏறக்குறைய இதே அளவு. ஆனால் இரண்டும் ஒரே வகையல்ல. கைப்பிசகு ஒருமுறை கூட்டும், ஒருமுறை குறைக்கும். திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்தால் அடங்கும். ஆரத்தை விட்ட பிழை எத்தனை முறை அளந்தாலும் விடையைக் கீழேயே இழுக்கும். ஐந்து முறை அளந்த பிறகும் எல்லா விடைகளும் 9.68ஐச் சுற்றியே நின்றால், முறையான பிழை ஒன்று உள்ளே இருக்கிறது. அதற்கு மருந்தாக "இன்னும் பல முறை அளந்திருக்கலாம்" என்று எழுதுவது பொருந்தாத திருத்தம்.

பொருந்தும் திருத்தம் எளிது, செலவும் இல்லை. நீளத்தை 50 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை மாற்றி, நீளத்துக்கும் அலைவு நேரத்தின் இருமடிக்கும் வரைபடம் வரைய வேண்டும். ஆரத்தை விட்டிருந்தாலும் கோட்டின் சாய்வு மாறாது. ஆகவே முடுக்கம் சரியாக வரும். கோடு மட்டும் தொடக்கப் புள்ளியைத் தொடாமல் விலகி, நீள அச்சை 1 செ.மீ. இடப்பக்கம் தள்ளி வெட்டும். மறந்த ஆரம் அதுதான். நேரப் பிசகுக்கு வேறு வழி: ஊசலுக்குப் பின்னால் ஓர் அட்டையில் நடுக்கோடு கிழித்து, குண்டு அதிவேகமாகக் கடக்கும் அந்த இடத்தில் எண்ணுவது, 20க்குப் பதில் 50 அலைவுகள் எடுப்பது. அப்போது 1 விழுக்காடு 0.4 ஆகும்.

விடை 10.8 என்று வந்தால் கதை வேறு. குண்டை விட்ட கணத்திலேயே "ஒன்று" என்று எண்ணியிருப்பார். 19 அலைவுகளை 20 என்று கணக்கிட்டிருப்பார். அது வரம்பு அல்ல, தவறு. அதை மதிப்பீட்டில் எழுதி மதிப்பெண் தேடக் கூடாது. மறுபடி அளக்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பல அறிக்கைகள் கவனிப்பதில்லை.

ஒற்றை வரி ரெக்கார்டு நோட்டின் குறை இதைவிடப் பெரிது. பாடநூலில் 9.8 இருப்பதால் விடையும் 9.8 ஆக வேண்டும் என்ற அழுத்தம் மாணவரை அளவீடுகளையே திருத்த வைக்கிறது. 1672இல் நிலநடுக்கோட்டருகே உள்ள கயேனுக்குப் போன பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே, பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். எதிர்பார்த்த எண்ணுக்காக அதை ஒதுக்கிவிடவில்லை, பதிந்துவைத்தார். நிலநடுக்கோட்டருகே ஈர்ப்பு குறைவு என்பதற்கான முதல் சான்றாக அது ஆனது. சென்னை மாணவரின் 9.78க்குப் பின்னாலும் அதே காரணம்தான் இருக்கிறது.

ஆகவே ஊசல் செய்முறையின் முடிவு இப்படி இருக்கலாம்: "1 மீட்டர் வரையிலான நீளங்களில், 5 டிகிரிக்குட்பட்ட வீச்சில், கிடைத்த மதிப்பு 9.75, முன்பின் 0.10. சென்னைக்குரிய 9.78 இந்த எல்லைக்குள் அடங்குகிறது. நிச்சயமின்மையின் பெரும்பகுதி நேர அளவீட்டிலிருந்து வந்தது." ரெக்கார்டு நோட்டில் இந்த மூன்று வரிக்கு ஆசிரியர்கள் இடம் ஒதுக்கித் தரலாம், அதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை.